முனையில் தொடங்கும் விரிசல்

கார்த்திகை மழையில் வாங்கிய காய் நறுக்கும் பலகை பங்குனி வெயிலில் பிளந்துகொள்வது பல வீடுகளில் நடப்பதுதான். மட்டமான மரம் என்று கடைக்காரரைக் குறை சொல்வார்கள். பல நேரங்களில் குற்றம் மரத்தின் மீது இல்லை. அப்படிப் பிளந்த பலகை கையில் இருந்தால் எங்கே பிளந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அதன் குட்டையான பக்கத்தில், இழைகள் அறுபட்டு நிற்கும் முனையில் விரிசல் பிறந்திருக்கும். அங்கிருந்து இழையோடு சேர்ந்தே நடுப்பகுதியை நோக்கி ஓடியிருக்கும். நடுவில் பிறந்து முனைக்கு வரும் விரிசல் அபூர்வம்.

மரம் உயிரோடு நின்ற காலத்தில் வேரிலிருந்து இலைக்கு நீரைக் கொண்டுசென்ற நுண்குழல்கள், அறுத்துப் பலகையான பிறகும் உள்ளே அப்படியேதான் இருக்கின்றன. பலகையின் இரு முனைகளிலும் அவற்றின் வாய்கள் திறந்து கிடக்கின்றன. பலகையின் முகத்தின் வழியாக ஈரம் மெல்லக் கசியும். முனை வழியாகவோ அதைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் போகும், வரும். காற்று உலர்ந்ததும் முனை முதலில் காய்ந்து சுருங்கப் பார்க்கிறது. ஒரு சாண் தள்ளி உள்ளே இருக்கும் பகுதி இன்னும் ஈரமாக, பழைய அகலத்திலேயே நிற்கிறது. சுருங்கவும் முடியாமல், விரிந்து நிற்கவும் முடியாமல் முனை கிழிகிறது. விரிசல் என்பது இதுதான்.

இதில் எவ்வளவு சுருக்கம் நடக்கிறது? 20 செ.மீ. அகலமுள்ள சாதாரணத் தேக்குப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் அதன் ஈரப்பதம் 16 சதவீதம் வரை போகலாம். உலர்ந்த கோடையில், அதுவும் ஏ.சி. ஓடும் வீட்டில், 10 சதவீதத்துக்கு இறங்கலாம். இந்த ஆறு சதவீத வித்தியாசத்துக்குப் பலகையின் அகலம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் குறையும். நீளத்தில் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. பலகை முழுவதும் ஒரே சீராக அந்த 2 மில்லிமீட்டரை இழந்தால் எந்தக் கேடும் இல்லை. யாரும் கவனிக்கவே மாட்டார்கள். முனை மட்டும் முந்திக்கொண்டால்தான் பிளவு. ஆகவே பலகையைக் காயாமல் வைத்திருப்பது நம் வேலையல்ல, அது முடியவும் முடியாது. எல்லா இடமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் காயும்படி பார்த்துக்கொள்வதுதான் வேலை. எண்ணெய் பூசுவதும் அதற்காகத்தான். எண்ணெய் ஈரத்தை அடைத்துவிடாது, அதன் நடமாட்டத்தை மெதுவாக்கும்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. அதிகம் சுருங்காது, வளையாது. ஆனால் அதில் இருக்கும் மணற்சத்து கத்தியின் கூரைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். வேம்பு நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிறது, நன்றாகவும் உழைக்கிறது. புதிதில் ஒரு வாடை இருக்கும், பழத்தை நறுக்கினால் இலேசான கசப்பு ஏறுவதாகச் சிலர் சொல்வார்கள். புழங்கப் புழங்க அது குறைந்துவிடும். மாமரம் மலிவு. ஆனால் ஈரம் தங்கினால் அதில் பூஞ்சையும் பூச்சியும் விரைவில் வரும். புளியமரம் கனமும் கடினமும் கொண்டது, அதனால்தான் கறிக்கடைகளில் அது நிற்கிறது. அடிமரத்தைக் குறுக்கே அறுத்த அந்த வட்டக் கட்டையில் இழைகள் மேல்நோக்கி நிற்பதால் கத்தி இழைகளுக்கு நடுவில் இறங்கி எழுகிறது. வெட்டுத் தழும்பும் குறைவு, கத்தியும் மழுங்காது. வீட்டுக் காய்கறிக்கு அவ்வளவு கனம் தேவையில்லை. என்னைக் கேட்டால் நன்றாக உலர்ந்த வேம்பு, ஓர் அங்குலத்துக்குக் குறையாத தடிமன் என்பேன்.

எந்த மரமானாலும் கடையில் பலகையைத் திருப்பி அதன் முனையைப் பார்த்து வாங்குங்கள். மரத்தின் ஆண்டு வளையங்கள் அங்கே வில்போலத் தெரியும். அந்த வளையங்களின் நடுப்புள்ளி, அதாவது மரத்தின் கரு, பலகைக்குள்ளேயே இருந்தால் அதை வாங்க வேண்டாம். வளையத்தை ஒட்டிய திசையில் மரம் சுருங்குவது, கருவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. கருவை உள்ளடக்கிய கட்டைக்கு அந்த வித்தியாசத்தைத் தாங்கப் பிளப்பதைத் தவிர வேறு வழியில்லை. மலிவான சப்பாத்திக் கட்டைகளில் இது அடிக்கடி தென்படும். மெல்லிய கிளையை அப்படியே கடைசல் பிடித்துவிடுவார்கள். முனையில் பார்த்தால் நட்டநடுவே கரு இருக்கும். நீளவாக்கில் விரிந்த பூரிக்கட்டைகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. வளையங்கள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வரிவரியாகப் போகும் கட்டை, பெரிய மரத்திலிருந்து பிளந்து எடுத்துக் கடைந்தது. அதற்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம். சிவப்பும் பச்சையும் சாயம் பூசிப் பளபளக்கும் கட்டை வேண்டாம். பூச்சு உரிந்து மாவில் கலக்கும். அடியில் என்ன மரம், எப்படிப்பட்ட முனை என்பதும் தெரியாது.

இனி எண்ணெய். சமையலறையில் இருக்கும் நல்லெண்ணெயையோ கடலெண்ணெயையோ எடுத்துத் தடவுவதுதான் பலரின் வழக்கம். இவை முழுதாகக் காய்ந்து இறுகுவதுமில்லை, கெடாமல் இருப்பதுமில்லை. காற்றோடு சேர்ந்து மெல்ல மாறி, பலகை பிசுபிசுத்து சிக்கு நாற்றம் எடுக்கும். சூரியகாந்தி எண்ணெயும் அப்படித்தான். தேங்காயெண்ணெய் இவற்றைவிடக் கெடுவதற்கு வெகு நாளாகும்; வேறெதுவும் இல்லையென்றால் வாசனை நீக்கிச் சுத்திகரித்த தேங்காயெண்ணெயைப் பயன்படுத்தலாம். கெடவே கெடாதது, மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். மலமிளக்கியாக உட்கொள்ளும் மருந்து அது. நிறமும் மணமும் இல்லை. வாங்கும்போது வேறு மருந்து எதுவும் கலக்காத வெறும் பாரஃபினா என்று லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு உள்ளேயே இறுகிவிடும் என்பதால் நல்ல காப்பு. ஆனால் ஒவ்வொரு பூச்சும் காயப் பல நாள் ஆகும். பெயின்ட் கடையில் விற்கும் ‘பாயில்டு’ ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகளைச் சேர்த்திருப்பார்கள், அது சமையலறைக்கு ஆகாது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயப்போட்ட பிறகே எறிய வேண்டும்.

ஓர் அடி நீளம், எட்டு அங்குல அகலம் உள்ள புதுப் பலகைக்கு முதல் பூச்சைப் போடுவோம். முதலில் ஈரத் துணியால் எல்லாப் பக்கமும் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். இப்போது கையால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். நீர் பட்டு மேலிழைகள் எழுந்து நிற்கின்றன. 220 எண் உப்புத்தாளால் இழை போகும் திசையிலேயே தேய்த்து எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் எண்ணெய் பூசினால் முதல் முறை கழுவும்போது அந்தச் சொரசொரப்பு திரும்ப வரும். பிறகு மேசைக்கரண்டியால் இரண்டு கரண்டி எண்ணெயை இளஞ்சூடாக்கி, முனைகளில்தான் முதலில் ஊற்றித் தேய்க்க வேண்டும். முனை அதைச் சட்டென்று குடித்துவிடும். மறுபடி ஊற்றுங்கள், மறுபடி குடிக்கும். குடிப்பதை நிறுத்தும்வரை கொடுங்கள். அப்புறம் இரு முகங்களுக்கும், ஓரங்களுக்கும். ஓர் இரவு நிற்க வைத்து, காலையில் மிச்ச எண்ணெயைத் துடைத்து எடுங்கள். முதல் வாரத்தில் இப்படி மூன்று நான்கு முறை செய்தால் போதும்.

மேலே தேன்மெழுகும் பூசினால் நீர் இன்னும் நன்றாக விலகி ஓடும். எடையில் ஒரு பங்கு மெழுகுக்கு நான்கு பங்கு பாரஃபின் எண்ணெய் எடுத்து, கொதிநீர் உள்ள பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணத்தை வைத்து உருக்க வேண்டும். அடுப்பில் நேரடியாக வைக்கக் கூடாது. ஆறியதும் களிம்பாக இறுகும். துணியில் எடுத்துத் தேய்க்கலாம்.

அடுத்த பூச்சு எப்போது என்பதற்கு நாள்கணக்கு தேவையில்லை. சில சொட்டு நீரை முனைக்குப் பக்கத்தில் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது. உடனே பரவி அந்த இடம் கருத்தால் எண்ணெய் வேண்டும். கோடை தொடங்கும் மாசியிலும், மழைக்கு முன் புரட்டாசியிலும் ஒரு முறை தவறாமல் பூசிவிடுவது நல்லது.

அன்றாடப் புழக்கத்தில் பலகையைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, பாத்திரத் தொட்டியில் ஊறப்போடுவது. இன்னொன்று, கழுவிய பலகையை மேடையில் படுக்க வைப்பது. படுத்த பலகையின் மேல்முகம் காயும், அடிமுகம் ஈரமாகவே இருக்கும். மேல்முகம் சுருங்கி, பலகை குழிந்து வளைகிறது. அப்படி வளைந்தால் குழிந்த முகத்தைக் கீழாக்கி ஈரத்துணிமேல் ஓர் இரவு வையுங்கள், பெரும்பாலும் நேராகும். கழுவும்போது ஒரு பக்கத்தை மட்டும் நனைக்காமல் இரு பக்கமும் நனைத்து, துடைத்து, நீளமான ஓரம் கீழே இருக்கும்படி நிறுத்தி நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைப்பது வேண்டவே வேண்டாம்; முதலில் காய்வது முனைதான்.

மரத்தில் கிருமி தங்கும் என்ற பயத்தில்தான் பலர் பலகையை ஊறவைக்கிறார்கள். அமெரிக்காவில் டீன் கிளைவரும் உடன் ஆய்வாளர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், பலகைகளில் விட்ட பாக்டீரியாவை மரத்திலிருந்து மீட்க முடிந்த அளவு பிளாஸ்டிக்கைவிடப் பொதுவாகக் குறைவாகவே இருந்தது. சோப்பும் சூடான நீரும் கொண்டு தேய்த்து உடனே துடைத்துக் காயவைத்தால் காய்கறிப் பலகைக்குப் போதும். பச்சை இறைச்சிக்கும் மீனுக்கும் தனிப் பலகை வைத்துக்கொள்வது நல்லது.

சப்பாத்திக் கட்டைக்கு இவ்வளவு பாடு இல்லை. ஒட்டிய மாவைக் காயவிட்டு, மொண்ணையான கத்தியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்தால் போதும். எண்ணெயை இரு முனைகளுக்கு மட்டும் அவ்வப்போது கொடுங்கள். நடுப்பகுதிக்கு மாவிலிருந்தே கிடைத்துவிடும்.

விரிசல் வந்தேவிட்டால் எண்ணெய் ஊற்றாதீர்கள். எண்ணெய் ஏறிய மரத்தில் பசை பிடிக்காது. முடி அளவு விரிசல் என்றால் பலகையை ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, நீர்புகாத மரப்பசையை விரிசலுக்குள் அழுத்தித் தேய்த்து, கிளாம்ப் போட்டு ஒரு நாள் இறுக்கி வையுங்கள். தச்சரிடம் கொடுத்தால் சில நிமிட வேலை. மறுநாள் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, பசை முழுதாக உலர்ந்த பின்னரே எண்ணெய். கத்தி முனை உள்ளே போகும் அளவுக்கு விரிந்துவிட்ட பலகையில் காய்த்துணுக்கு நுழைந்து அழுகும், எதைக் கொண்டும் அதைச் சுத்தம் செய்ய முடியாது. விரிசல் ஒரு முனையில் மட்டும் இருந்தால் தச்சரிடம் அந்தப் பகுதியை அறுத்து எடுக்கச் சொல்லிச் சிறிய பலகையாக்கிக்கொள்ளலாம். புதிதாக அறுத்த அந்த முனைக்கு அன்றைக்கே எண்ணெய் கொடுத்துவிட வேண்டும்.