பிராய், லெக்கர், ஹவ்ஸிட்... நம்ம ‘துட்டு’க்குத் தூரத்துச் சொந்தம்!

தென்னாப்பிரிக்காவில் விமானம் விட்டு இறங்கியதும் காதில் விழும் வார்த்தை, ‘ஹவ்ஸிட்?’ நம்ம ஊர் ‘எப்படி இருக்கீங்க?’தான். ‘நல்லா இருக்கேன்’ என்றால் போதும், நலக்குறைவையெல்லாம் விளக்க வேண்டாம்.

அடுத்து, ‘பிராய்’க்கு அழைப்பு வரும். விறகுத் தணலில் இறைச்சி வாட்டி, கூடிச் சாப்பிடும் விருந்து இது. வறுப்பதைக் குறிக்கும் ‘பிராடன்’ என்ற டச்சுச் சொல்லில் நடுவிலிருந்த ‘ட’ ஒலி, பேச்சுவழக்கில் தேய்ந்து ‘பிராய்’ ஆனது. சாப்பிட்டுவிட்டு ‘லெக்கர்’ என்று சொன்னால் விருந்து கொடுத்தவருக்கு மகிழ்ச்சி. டச்சில் ‘ருசி’ என்று பொருள்படும் சொல்தான் இது. ஆப்பிரிக்கான்ஸில் சாப்பாடு, வானிலை, தூக்கம் என மனதுக்குப் பிடித்த எல்லாமே ‘லெக்கர்’!

ஆனால், ‘ஹவ்ஸிட்’ டச்சு வார்த்தை அல்ல. ‘ஹவ் இஸ் இட்’ என்ற ஆங்கிலத்தின் சுருக்கம். இதற்கு இணையான ஆப்பிரிக்கான்ஸ் விசாரிப்பு, ‘ஹூ காண் டிட்?’

டச்சுக் கிழக்கிந்திய கம்பெனி, 1652-ல் கேப் டவுனில் குடியேற்றம் அமைத்தது. அங்கே டச்சு மொழி வேறு மொழிக்காரர்கள் வாயிலும் புழங்கி, ஆப்பிரிக்கான்ஸாக உருமாறியது. 1925-ல் ஆட்சிமொழியும் ஆனது.

அதே கம்பெனி, கேப் டவுனுக்கு முன்பே நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டியிருந்தது. இங்கே தனி மொழி பிறக்கவில்லை. சில வார்த்தைகள் மட்டும் தங்கின. ‘டொய்ட்’ என்ற டச்சுச் செப்புக்காசு ‘துட்டு’ ஆனது. கழிவறையைக் குறிக்கும் ‘காக்ஹவ்ஸ்’, ‘கக்கூஸ்’ ஆனது!