பேலியோ உணவில் மலச்சிக்கலும் வாய் நாற்றமும்: தட்டில் எதை மாற்றுவது?



எடையைக் குறைக்கவும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும் சோறு, இட்லி, சப்பாத்தி, பருப்பு, பழம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இறைச்சி, முட்டை, பனீர் என்று மட்டும் சாப்பிடும் பழக்கம் நம் மஹல்லாவில் பல வீடுகளில் வந்துவிட்டது. பேலியோ, கீட்டோ என்று பல பெயர்கள். எடை குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறவர்களில் சிலர், குரலைத் தாழ்த்தி இரண்டு தொல்லைகளைச் சொல்கிறார்கள். ஒன்று, மூன்று நான்கு நாள் ஆகியும் மலம் கழியவில்லை. இன்னொன்று, வாயிலிருந்து ஒரு வாடை. பக்கத்தில் நிற்பவருக்குத் தொந்தரவாகுமே என்று ஜமாஅத்துக்கு வராமல் வீட்டிலேயே தொழுது கொள்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் காரணம் தட்டில் இருப்பதால், தீர்வையும் அங்கேயே தேட வேண்டும்.

மலம் ஏன் இறுகுகிறது?

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வரை நார்ச்சத்து வேண்டும். நார்ச்சத்து குடலில் நீரைப் பிடித்து வைத்து மலத்தை மென்மையாக்குகிறது. அதன் அளவையும் கூட்டுகிறது. இறைச்சி, மீன், முட்டை, பனீர், நெய் எதிலும் நார்ச்சத்து கிடையாது. தானியத்தையும் பருப்பையும் பழத்தையும் நிறுத்தியவர், அந்த இடத்தைக் காய்கறியால் நிரப்பாமல் இறைச்சியால் நிரப்பினால் குடலுக்குத் தள்ளுவதற்கே ஒன்றும் இருக்காது.

இதனோடு தண்ணீரும் குறைகிறது. உடல் மாவுச்சத்தை ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கும்போது, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்தே வைக்கிறது. மாவுச்சத்தை நிறுத்திய முதல் வாரத்தில் அந்தச் சேமிப்பு கரைந்து, தண்ணீரும் உப்பும் சிறுநீரில் போய்விடுகின்றன. முதல் வாரத்தில் 'மூன்று கிலோ குறைந்தேன்' என்று மகிழ்கிறோமே, அதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். இதை ஈடுசெய்யக் கூடுதலாகக் குடிக்காவிட்டால் மலம் காய்ந்து இறுகும்.

வாடை எங்கிருந்து வருகிறது?

மாவுச்சத்து கிடைக்காதபோது ஈரல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற பொருட்களை உண்டாக்குகிறது. அவற்றில் ஒன்றான அசிட்டோன் மூச்சுக்காற்றில் வெளியேறும். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடை, அல்லது அளவுமீறிப் பழுத்த பழத்தின் வாடை போல இருக்கும். இது நுரையீரலிலிருந்து வருவதால் பல் துலக்கினாலும் போகாது.

வாயிலேயே உண்டாகும் வாடை வேறு. நாக்கு வறண்டு, அதன் பின்பகுதியில் வெண்படலம் படிந்து, பல்லிடுக்கில் இறைச்சித் துணுக்கு தங்கினால் அழுகல் வாடை வரும். இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. பல்லையும் நாக்கையும் நன்றாகச் சுத்தம் செய்து வாய் கொப்பளித்தபின் வீட்டில் ஒருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வாடை போயிருந்தால் அது வாயில் உண்டானது. மிஸ்வாக்கும், நாக்கு வழிப்பதும், போதிய தண்ணீரும் அதற்குப் போதும். ஈறில் இரத்தம் கசிந்தால் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதே பழ வாடை மாறாமல் இருந்தால் அது கீட்டோன். ஏலக்காயும் கிராம்பும் அதைச் சிறிது நேரம் மறைக்கும், அவ்வளவுதான். பலருக்குச் சில வாரங்களில் தானாகவே குறையும். குறையாவிட்டால் மாவுச்சத்தைச் சற்று கூட்ட வேண்டும்.

ஒரு நாள் உணவைத் திருத்துவோம்

நாற்பத்தைந்து வயதான ஒருவரின் சாப்பாட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். காலையில் மூன்று முட்டை ஆம்லெட், கொஞ்சம் பனீர். மதியம் கால் கிலோ கோழி வறுவல், இரண்டு துண்டு வெள்ளரி. மாலையில் இருபது பாதாம். இரவு மீன் வறுவல். நாள் முழுதும் ஒரு லிட்டர் தண்ணீர். இதில் நார்ச்சத்து ஏறக்குறைய 4 கிராம்தான்; அதுவும் பெரும்பாலும் பாதாமிலிருந்து.

இனி மாற்றுவோம். காலை ஆம்லெட்டில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை சேர்த்தால் 2 கிராம். மதியம் கோழியைப் பாதியாக்கி, 150 கிராம் பீன்ஸ் அல்லது வெண்டைக்காயைத் தேங்காய்ப்பூ போட்டுப் பொரியலாக வைத்தால் 7 கிராம். அதோடு சின்னக் கிண்ணம் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல் 4 கிராம். மாலையில் பாதாமுடன் நடுத்தரக் கொய்யா ஒன்று, இரண்டும் சேர்ந்து 8 கிராம். இரவு மீனுடன் ஒரு கப் கீரைப் பொரியல் 4 கிராம். மொத்தம் 25 கிராம் வந்துவிட்டது. மீனும் முட்டையும் கோழியும் தட்டிலேயே இருக்கின்றன.

இதனால் நாளின் மாவுச்சத்து 50 கிராமை ஒட்டி இருக்கும். ஒரு கப் சோற்றில் இருப்பதைவிடச் சற்றுதான் அதிகம். முன்பிருந்த மிகக் கடுமையான அளவு தளர்வதால் கீட்டோன் குறைந்து வாடையும் இறங்கும். எடை இறங்கும் வேகம் சற்று மட்டுப்படலாம். ஆனால் மாதக்கணக்கில் தொடர முடிகிற உணவாக இது இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டாம். வயிறு ஊதி வாயு சேரும். முதல் வாரம் கீரையும் பொரியலும், அடுத்த வாரம் கொய்யா, அதற்கடுத்து சுண்டல் என்று ஏற்றுங்கள். தண்ணீரை இரண்டு முதல் இரண்டரை லிட்டருக்குக் கொண்டு வாருங்கள். தண்ணீரைக் கூட்டாமல் நாரை மட்டும் கூட்டினால் சிக்கல் இன்னும் இறுகும். இருதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் தண்ணீர் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். காலை உணவுக்குப் பின் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் கழிப்பறைக்குச் செல்வதைப் பழக்கமாக்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு போதவில்லை என்றால் இசப்கோல் ஒரு தேக்கரண்டி எடுக்கலாம். ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, மேலும் ஒரு டம்ளர் தண்ணீர் அருந்த வேண்டும். தண்ணீர் குறைந்தால் அது தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். வேறு மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

ரமலானில் பகல் முழுதும் தண்ணீர் இல்லாததால் இரண்டு தொல்லையும் கூடும். அந்த மாதத்தில் கடும் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் தண்ணீரைப் பிரித்துக் குடிப்பது நல்லது.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த உணவில் இறங்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம். டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு, இரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாத நிலையிலும் கீட்டோன் அபாய அளவுக்குப் போகக்கூடும். பழ வாடையோடு வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மயக்கம் இருந்தால் வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரக நோயாளிகள் கடுமையான மாவுச்சத்துக் கட்டுப்பாட்டைத் தாமாகத் தொடங்க வேண்டாம்.

மலத்தில் இரத்தம், கடும் வயிற்றுவலி, வாயுவும் பிரியாமல் வயிறு உப்புதல், வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் அதை உணவுப் பழக்கத்தின் மீது போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.

செயலாளர்