‘எப்போ நிச்சயம்?’: மெசேஜில் முதலில் கேட்க வேண்டியது அது இல்லை!

ஆடி முடியப் போகிறது. “ஆவணியில பூ வெச்சுடலாமா? அந்தப் பையன் என்னதான் சொல்றான்?” என்று வீட்டில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மண்ணச்சநல்லூரிலிருந்து டோல்கேட் வழியாகத் திருச்சிக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண், ஸ்ரீரங்கத்தில் இருக்கும் காதலனுக்கு பஸ்ஸிலேயே இப்படி டைப் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

“என்னதான் முடிவு? வீட்ல கேட்டுட்டே இருக்காங்க.”

பதில் வருகிறது: “பாக்கலாம்.”

சிக்கல் எங்கே?

அந்த மெசேஜில் ‘விருப்பமா?’, ‘எப்போது?’ என்ற இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. கேட்பதும் அவர் இல்லை, வீடு. அவருடைய மனசு அதில் எங்கேயும் இல்லை. அதனால் படிப்பவருக்கு நெருக்கடி மட்டும்தான் தெரிகிறது, நழுவுவது சுலபமாகிவிடுகிறது.

எப்படி எழுதலாம்?

“ஒரு விஷயம் மனசு விட்டுப் பேசணும். உன்னைக் கல்யாணம் பண்ணிக்க எனக்கு விருப்பம். ஆனா ஆவணியிலயே நிச்சயம்னா கொஞ்சம் பயமா இருக்கு. உனக்கு விருப்பமா, தயக்கமா? தயக்கம்னாலும் சொல்லு, கோவிச்சுக்க மாட்டேன். இப்பவே பதில் வேணாம். ஞாயித்துக்கிழமை அம்மா மண்டபத்துல நேர்ல பேசலாம்.”

முதலில் தன் நிலை, பயத்தையும் மறைக்காமல். பிறகு ஒரே ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று சொல்லவும் இடம் இருக்கிறது. நீல டிக்கைப் பார்த்துக்கொண்டே தவிக்காமல் இருக்க, பேசும் நாளும் குறிக்கப்பட்டிருக்கிறது.

பதிலை எப்படிப் புரிந்துகொள்வது?

“விருப்பம்தான், ஆனா தங்கச்சி கல்யாணக் கடன் இருக்கு, தை வரைக்கும் டைம் கொடு” என்று வந்தால், காரணமும் கெடுவும் இருக்கின்றன. இனி ‘எப்போது’ என்று பேசலாம். “வீட்ல சொன்னா ஓகே” என்பது வீட்டின் பதில். “சரி, உனக்கு?” என்று ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். குறித்த நாளும் தள்ளிப்போய், பேச்சும் மாறிக்கொண்டே இருந்தால், அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு முன் இருவரும்

நிச்சயதார்த்தம் சட்டப்படி திருமணம் ஆகாது. ஆனால் தட்டு மாற்றி, சொந்தபந்தம் முன்னால் லக்னப் பத்திரிகை வாசித்த பிறகு பின்வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்று பெரியவர்கள் சொல்வதும் அதனால்தான். இருவரும் பேசி முடிக்கும்வரை அந்த சாட்டின் ஸ்கிரீன்ஷாட் குடும்ப குரூப்புக்குப் போகக் கூடாது. போனால், தயங்கித் தயங்கி எழுதிய ஒரு வரியே வாக்குறுதியாகிவிடும்.

கேள்வியைத் தொடங்கத்தான் மெசேஜ். முடிவை முகம் பார்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள்.