பட்டறைக்கு எவ்வளவு கடன் வேண்டும்?

கோவையில் ஒரு பம்பு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் உற்பத்திச் செலவு 20,000 ரூபாய். அதில் மூலப்பொருள் மட்டும் 12,000.

30 நாள் மூலப்பொருள் இருப்பில் 3.6 லட்சம் முடங்கும். ஆனால் சப்ளையரும் 30 நாள் கடன் தருவதால் அது நேராகிவிடும். 10 நாள் தயாரிப்பில் கிடக்கும் அரைகுறைச் சரக்கை, பாதிக் கூலி சேர்த்து, நாளுக்கு 16,000 என்று மதிப்பிட்டால் 1.6 லட்சம். கிடங்கில் 10 நாள், டீலரிடம் பாக்கி 60 நாள்: முழுச் செலவில் 14 லட்சம்.

மொத்தத் தேவை 15.6 லட்சம். கால் பங்கைக் கைமுதலாகப் போட்டால் வங்கியிடம் கேட்க வேண்டியது 11.7 லட்சம்.

பலர் கோட்டை விடுவது பாக்கி நாட்களில்தான். பில்லில் 60 நாள் என்றிருக்கும். பணம் வர 90 ஆகும். அந்த 30 நாளுக்கே இன்னும் 6 லட்சம் வேண்டும். அதனால் பில்லை நம்பாமல், பேங்க் பாஸ்புக்கில் பணம் வந்த தேதியைப் பார்த்து நாட்களை எண்ணுங்கள்.