கிக்கரில் மட்டும் கிளம்பும் ஸ்கூட்டர்: பழுது எங்கே இருக்கிறது?

கிக்கரை ஒரு மிதி மிதித்தால் ஸ்கூட்டர் கிளம்பிவிடுகிறது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் மட்டும் ஒன்றும் நடப்பதில்லை. இப்படிக் கடைக்குப் போகிற வண்டிகளில் முதலில் மாற்றப்படுவது பெரும்பாலும் பேட்டரிதான். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அதற்கே போய்விடும். காரணம் பேட்டரியாகவே இருந்தால் பணம் வீணில்லை. ஆனால் புது பேட்டரி போட்டும் செல்ஃப் எடுக்காமல் மறுபடி கடையில் வந்து நிற்கும் வண்டிகள் ஏராளம். மாற்றும் முன் ஐந்து நிமிடம் அளந்து பார்த்திருந்தால் அந்தச் செலவைத் தவிர்த்திருக்கலாம்.

கிக்கரில் கிளம்புகிறது என்பதே ஒரு நல்ல தகவல். பெட்ரோல் வருகிறது, பிளக்கில் ஸ்பார்க் அடிக்கிறது, இன்ஜினில் கம்ப்ரஷன் இருக்கிறது. ஆகவே கார்புரேட்டரையோ பிளக்கையோ கழற்ற வேண்டியதில்லை. கோளாறு இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் பாகத்துக்குள்தான் இருக்கிறது.

அந்தப் பாகத்தில் கரண்ட் இரண்டு வழிகளில் ஓடுகிறது. ஒன்று மெல்லிய வயர் வழி. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், சாவி, பிரேக் லீவருக்குள் இருக்கும் சின்ன ஸ்விட்ச், செல்ஃப் பட்டன் என்று கடந்து ரிலேயின் காயிலுக்குப் போய்ச் சேரும். இன்னொன்று தடித்த வயர் வழி. பேட்டரியிலிருந்து ரிலேயின் பெரிய முனைகள் வழியாக நேரே செல்ஃப் மோட்டாருக்குப் போய், இன்ஜின் பாடியிலிருந்து எர்த் வயர் மூலம் பேட்டரிக்குத் திரும்பும். மோட்டாருக்குப் பல பத்து ஆம்பியர் வேண்டும். அவ்வளவையும் விரல் நுனி அளவு பட்டன் தாங்காது, உருகிவிடும். அதனால் பட்டன் ரிலேயின் காயிலுக்கு மட்டும் சிறிது கரண்ட் கொடுக்கிறது. காயில் காந்தமாகி, உள்ளே இருக்கும் செம்புத் தகட்டை இழுத்துத் தடித்த வழியை இணைக்கிறது. பட்டனை அழுத்தும்போது கேட்கும் ‘டிக்’ அந்தத் தகடு போய் ஒட்டும் சத்தம்தான்.

ஆகவே முதல் வேலை காதுக்கு. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியைப் போட்டு, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்திக் கேட்க வேண்டும்.

ஒரு சத்தமும் இல்லையென்றால் மெல்லிய வழி எங்கோ அறுந்திருக்கிறது. அங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது பிரேக் ஸ்விட்ச். கியரில்லாத ஸ்கூட்டர் கிளம்பிய வேகத்தில் ஓடிவிடக் கூடாது என்பதற்காக, பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் பின்னால் சிவப்பு விளக்கை எரியவைக்கும் அதே ஸ்விட்ச்தான் செல்ஃப் பட்டனுக்கும் கரண்டை அனுப்புகிறது. எனவே பிரேக்கைப் பிடித்து ஒருவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இடது லீவருக்கு விளக்கு எரிந்து வலது லீவருக்கு எரியவில்லை என்றால், இடது பிரேக்கைப் பிடித்துச் செல்ஃப் எடுத்துப் பாருங்கள். எடுத்தால் வலது லீவருக்கு அடியில் இருக்கும் ஸ்விட்சை மட்டும் மாற்றினால் போதும். சில புது வண்டிகளில் சைடு ஸ்டாண்டிலும் ஒரு ஸ்விட்ச் உண்டு. ஸ்டாண்ட் முழுதாக மடங்காவிட்டால் அதுவும் தடுக்கும்.

பிரேக் விளக்கு எரிந்தும் ரிலே பேசவில்லை என்றால், ரிலேயில் சொருகியிருக்கும் இரண்டு மெல்லிய வயர்களுக்கு நடுவே டெஸ்ட் லைட்டை வைத்துப் பட்டனை அழுத்த வேண்டும். விளக்கு பளிச்சென்று எரிந்தால் கரண்ட் ரிலே வரை வருகிறது, காயில் போய்விட்டது. எரியாவிட்டால் பட்டனுக்குள்தான் பெரும்பாலும் கோளாறு. மழையில் நனைந்து நனைந்து உள்ளே செம்பு முனைகள் பச்சை பூத்திருக்கும். கழற்றி, மெல்லிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துத் துடைத்தாலே பல பட்டன்கள் உயிர்பெற்றுவிடும்.

சத்தம் வந்தால் அது எப்படி வருகிறது என்று கவனிக்க வேண்டும். ‘டகடகடக’ என்று ரிலே படபடத்தால் அநேகமாக பேட்டரியில் தெம்பில்லை, அல்லது டெர்மினல் லூஸ். ரிலே தகட்டை இழுத்ததும் மோட்டார் கரண்டை வாங்குகிறது. உடனே வோல்டேஜ் சரிந்து காயிலின் பிடி தளர்கிறது. தகடு விலகியதும் வோல்டேஜ் மேலே வந்து மறுபடி இழுக்கிறது. ஒரே ஒரு ‘டிக்’ மட்டும் கேட்டு மோட்டார் அசையவில்லை என்றால் தடித்த வழியில் அடைப்பு. மோட்டார் ‘விர்ர்’ என்று சுற்றியும் இன்ஜின் சுற்றவில்லை என்றால் இடையில் இருக்கும் கிளட்ச் வழுக்குகிறது. அது கவரைக் கழற்றிச் செய்ய வேண்டிய வேலை, மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

பேட்டரியைப் பற்றி இரண்டு தவறான சோதனைகள் வழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, ஹெட்லைட் பிரகாசமாக எரிகிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டுவது. பழைய கார்புரேட்டர் ஸ்கூட்டர்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு கரண்ட் மேக்னட் காயிலிலிருந்து நேராக வருகிறது. இன்ஜின் ஓடினால்தான் எரியும். பேட்டரி செத்திருந்தாலும் எரியும். இன்ஜினை நிறுத்திவிட்டு ஹாரனையும் இண்டிகேட்டரையும் போட்டுப் பார்ப்பதே சரி. இரண்டாவது, சும்மா இருக்கும் பேட்டரியில் மீட்டரை வைத்து 12.5 வோல்ட் காட்டுகிறது, நல்லதுதான் என்று சொல்வது. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்கிறது என்பதால் குழாயில் தண்ணீர் வேகமாக வரும் என்று சொல்லிவிட முடியுமா? தகடுகள் தேய்ந்த பேட்டரி சும்மா இருக்கும்போது 12.5 காட்டும். செல்ஃப் பட்டனை அழுத்திய கணத்தில் 7 வோல்ட்டுக்குச் சரியும். மீட்டரின் முட்கள் பேட்டரி முனைகளில் இருக்கும்போதே பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். மோட்டார் சுற்றும்போது பத்து வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி நலம்.

இதே அளவுகளை வைத்துப் பழுது கண்ட ஒரு வண்டி. எங்கள் எதிர்வீட்டு அக்கா ஆசிரியை. அவருடையது ஏழெட்டு வருடம் ஓடிய கார்புரேட்டர் ஸ்கூட்டர். கிக்கருக்கு உடனே எடுக்கும். செல்ஃபுக்கு ஒரு ‘டிக்’, அவ்வளவுதான்.

“போன மாசம்தான் தம்பி புது பேட்டரி போட்டேன். மறுபடி பேட்டரிதான்னு சொல்றாங்க” என்றார்.

தெருமுனை மெக்கானிக் அண்ணன் வந்து மீட்டரை வைத்தார். சும்மா இருக்கையில் 12.7 வோல்ட். பட்டனை அழுத்தியபோது 12.4. பலர் இதைப் பார்த்துவிட்டு ‘பேட்டரி சூப்பர்’ என்று நிறுத்திக்கொள்வார்கள். அண்ணன் நிறுத்தவில்லை. “மோட்டார் கரண்டை இழுத்தா பத்தரை, பதினொண்ணுக்கு இறங்கணும்க்கா. இறங்கவே இல்லைன்னா கரண்ட் மோட்டாருக்குப் போகலைன்னு அர்த்தம்” என்றார். வோல்டேஜ் அதிகமாகச் சரிந்தால் பேட்டரியைச் சந்தேகிப்பது சரி. ஏறத்தாழ சரியாமலே நின்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது.

அடுத்து மீட்டரின் இரண்டு முட்களையும் ரிலேயின் இரண்டு பெரிய முனைகளில் வைத்தார். பட்டனை அழுத்தாதபோது 12.7. அது இயல்பு, ஏனென்றால் இடையில் இணைப்பு இல்லை. ‘டிக்’ சத்தத்தோடு தகடு ஒட்டினால் இந்த எண் ஏறத்தாழ பூஜ்யத்துக்கு வர வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் நிற்கக் கூடாது. இங்கே ‘டிக்’ கேட்டது, எண் 12.4-லேயே நின்றது. தகடு போய் ஒட்டியும் கரண்ட் தாண்டவில்லை. கழற்றிப் பிளந்து பார்த்தபோது செம்பு முனைகள் கருகி, மேடும் பள்ளமுமாக இருந்தன. பழைய பேட்டரி பலவீனமான பிறகும் பல மாதம் அதைக் கொண்டே ‘டகடக’ என்று அழுத்தியதில், ஒவ்வொரு படபடப்புக்கும் உள்ளே தீப்பொறி பறந்து கருகியிருக்கிறது. அண்ணனின் கணிப்பு அதுதான், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. புது ரிலே சில நூறு ரூபாய்தான்.

ரிலே மாற்றியதும் மோட்டார் சுற்றியது, ஆனால் சோம்பலாக. அண்ணன் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பட்டனை அழுத்தினார்: 0.8 வோல்ட். எர்த் வயர் நன்றாக இருந்தால் இது 0.2-க்குள் இருக்கும். எர்த் வயரைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றியபோது அடியில் துரு. கம்பி பிரஷால் தேய்த்து இறுக்கியதும் 0.1. மோட்டார் விறுவிறுவென்று சுற்றியது. அப்போது பேட்டரியில் 10.6. கடைசியாக இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து அளந்தபோது 14.2. சார்ஜும் ஏறுகிறது. இந்தக் கடைசி அளவை எடுக்காமல் விட்டுவிடக் கூடாது. இது 13-ஐத் தாண்டாவிட்டால் ரெக்டிஃபையரிலோ காயிலிலோ குறை இருக்கிறது; எத்தனை புது பேட்டரி போட்டாலும் சில வாரங்களில் வறண்டுவிடும்.

ஸ்க்ரூடிரைவரால் ரிலேயின் இரண்டு பெரிய முனைகளையும் ஒன்றாகத் தொட்டு மோட்டாரைச் சுற்றவைப்பது கடைகளில் சர்வசாதாரணம். பழுது ரிலேயிலா மோட்டாரிலா என்று உடனே தெரியும் என்பது உண்மை. ஆனால் பெரிய பொறி பறக்கும், பக்கத்திலேயே பெட்ரோல் இருக்கிறது, பிரேக் பாதுகாப்பும் அப்போது வேலை செய்யாது. வீட்டில் இதைச் செய்யாதீர்கள். மீட்டர் அதே பதிலைத் தருகிறது: மோட்டாரின் முனை வரை 12 வோல்ட் வந்தும் சுற்றவில்லை என்றால் மோட்டாருக்குள் கார்பன் தேய்ந்திருக்கிறது.

கிக்கருக்கும் எடுக்கவில்லை என்றால் கதை வேறு. பழைய வண்டிகள் பலவற்றில் ஸ்பார்க்குக்கான கரண்டும் மேக்னட்டிலிருந்தே வருவதால், பேட்டரி முழுதாகச் செத்தாலும் கிக்கர் கைகொடுக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு ஸ்கூட்டர்களில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பரவலாகிவிட்டது. அங்கே பெட்ரோலைத் தள்ளும் பம்ப்பும் எல்லாவற்றையும் இயக்கும் இசியுவும் பேட்டரியை நம்பியே இருக்கின்றன. சாவியைப் போட்டதும் இரண்டு மூன்று நொடி ‘உம்ம்’ என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். அது கேட்கவில்லை, மீட்டர் கன்சோலும் மங்கல் என்றால் கிக்கரை மிதித்துக் காலை நோகவைப்பதில் பெரிய பயனில்லை. ஃப்யூஸைப் பார்த்துவிட்டு பேட்டரியைச் சார்ஜ் போடுவதே வழி. ஃப்யூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃப்யூஸைத்தான் போட வேண்டும், செம்புக் கம்பி சுற்றக் கூடாது.

இந்தப் புது வண்டிகள் சிலவற்றில் தனியாக செல்ஃப் மோட்டாரே கிடையாது. சார்ஜ் ஏற்றும் மேக்னட் காயிலையே இசியு மோட்டாராக மாற்றி, சத்தமில்லாமல் இன்ஜினைச் சுற்றுகிறது. அவற்றில் ‘டிக்’கைக் கேட்டு முடிவுக்கு வர முடியாது. பேட்டரியையும் பிரேக் ஸ்விட்சையும் மட்டும் நாமே பார்க்கலாம், மற்றதற்கு சர்வீஸ் சென்டரின் ஸ்கேன் கருவி வேண்டும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவை முறுக்கும் ஸ்பானர் தவறிப் பாடியில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. முனைகளை மாற்றி மாட்டிவிட்டால் இசியுவே போய்விடலாம். அதன் விலை பல பேட்டரிகளின் விலை.