லாரியில் அனுப்பும் சரக்கும் மதிப்புக் கட்டணமும்

லாரி ஆபீசில் பார்சல் போடும்போது குமாஸ்தா "மதிப்பு எவ்வளவு போடட்டும்?" என்று கேட்பார். நம்மில் பெரும்பாலோர் "ஏதாவது போடுங்கள்" என்று சொல்லிவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். நாமும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தோம்.

2017 மழைக்காலத்தில் கும்பகோணத்துக்கு ஒரு மூட்டை ஏலக்காய் அனுப்பினோம். ஐம்பது கிலோ, கிலோ 1,100 ரூபாய் வீதம் மதிப்பு 55,000 ரூபாய். லாரி வாடகை 150 ரூபாய். மதிப்பை அறிவித்து அதிகக் கட்டணம் கட்டலாம் என்றார்கள். நூற்றுச் சொச்சம் ரூபாய் ஆகும் என்றதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். தார்ப்பாய் கிழிந்து மழைநீர் இறங்கி, மூட்டை முழுவதும் பூஞ்சை பூத்துப் போய்விட்டது. நஷ்டம் கேட்டபோது 1,500 ரூபாய்தான் தரமுடியும் என்றார்கள். சண்டை போட்டோம். விசாரித்ததில் அவர்கள் சொன்னதில் தவறில்லை என்று தெரிந்தது.

1865-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் கீழ் 2011-இல் செய்த விதிகளின்படி, சரக்கு கெட்டாலோ தொலைந்தாலோ சாதாரணமாக லாரிக்காரரின் பொறுப்பு, வாடகையைப் போலப் பத்து மடங்கு மட்டுமே. அதுவும் நாம் படிவத்தில் எழுதிய மதிப்பைத் தாண்டாது. அதற்கு மேல் வேண்டுமானால் மதிப்பை அறிவித்து, அவர்கள் குறித்துள்ள கூடுதல் கட்டணத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தப் பத்து மடங்குக் கணக்கை மனத்தில் வைத்தாலே பாதி முடிவு வந்துவிடும். வாடகை எடையைப் பார்த்துப் போடுவது. அதற்குச் சரக்கின் விலை தெரியாது. ஒரு மூட்டை உப்பு 600 ரூபாய், வாடகை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து மடங்கு 1,000 ரூபாய். உப்பின் முழு விலையும் அதற்குள் அடங்கிவிடுகிறது. இதற்குத் தனிக் கட்டணம் கட்டுவது வீண். ஏலக்காய், கிராம்பு, முந்திரி, நெய் டின் போன்றவை எடையில் குறைவு, விலையில் அதிகம். இவற்றுக்குப் பத்து மடங்கு என்பது ஒன்றுமில்லை.

ஆனால் விலை உயர்ந்த சரக்குக்கெல்லாம் கட்ட வேண்டும் என்பதுமில்லை. மாதம் முப்பது பெட்டி, பெட்டி 3,000 ரூபாய் வீதம் பல ஊர்களுக்கு அனுப்புகிறவர், பெட்டிக்குப் பெட்டி கட்டணம் கட்டுவதைவிட அந்தப் பணத்தைத் தனியே எடுத்துவைத்து, எப்போதாவது போகும் ஒரு பெட்டியைத் தானே தாங்கிக்கொள்ளலாம். நாம் இப்போது பார்ப்பது ஒன்றுதான்: இந்த ஒரு லோடு போனால் இந்த மாதக் கொடுக்கல் வாங்கல் தடுமாறுமா? தடுமாறும் என்றால் கட்டுகிறோம்.

லாரி ஆபீசில் கட்டும் மதிப்புக் கட்டணமும் இன்சூரன்சும் ஒன்றல்ல. முன்னதில் லாரிக்காரரின் பொறுப்பு மட்டும் உயர்கிறது. வெள்ளம், கலகம் போன்று அவர் பொறுப்பில்லாத காரணத்தால் சரக்கு போனால், மதிப்பு எழுதியிருந்தும் கிடைக்காது. இன்சூரன்ஸ் கம்பெனியின் உள்நாட்டுப் போக்குவரத்துப் பாலிசியில் 'ஏ' பிரிவு என்பது விலக்குகள் போக மற்ற எல்லா ஆபத்துக்கும். 'பி' குறிப்பிட்ட சில விபத்துகளுக்கு. 'சி' தீ, மின்னலுக்கு மட்டும். பிரீமியம் குறைகிறதே என்று 'சி' எடுத்துவிட்டு, மழையில் நனைந்ததற்குப் பணம் கேட்டால் வராது. 'ஏ' எடுத்தாலும் மோசமான கட்டு, இயல்பான எடைக்குறைவு, தாமதம் ஆகியவற்றால் வரும் நஷ்டம் சேராது. கலகம், வேலைநிறுத்தத்துக்குத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். அடிக்கடி அனுப்புகிறவர்கள் ஆண்டுக்கு ஒரே பாலிசியாக எடுத்து, அனுப்பும் லோடுகளைத் தெரிவித்து வரலாம். அதில் லாபமான லோடுகளை மட்டும் தெரிவித்து மற்றதை மறைத்தால், கிளெய்ம் சமயத்தில் கணக்குப் புத்தகமே நமக்கு எதிராகப் பேசும்.

லாரி ஊர் போய்ச் சேர்ந்த ஏழு நாளோடு இந்தப் பாதுகாப்பு முடிகிறது என்பதையும் வாங்குகிறவருக்குச் சொல்லிவையுங்கள். சரக்கைப் பார்சல் ஆபீசிலேயே கிடக்க விட்டுப் பத்தாம் நாள் எடுப்பவர்கள் உண்டு.

மூட்டை நனைந்தோ கிழிந்தோ இருந்தால் "நல்ல நிலையில் பெற்றேன்" என்ற இடத்தில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடக்கூடாது. எடையும் சேதமும் டெலிவரி ரசீதிலேயே எழுத வேண்டும். அவர்கள் முன்னிலையில் பிரித்துப் பார்த்து, சேதத்துக்கு எழுத்தில் சான்று கேளுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் உடனே தகவல் கொடுத்து, சர்வேயர் வரும்வரை சரக்கை அப்புறப்படுத்தாதீர்கள். லாரிக்காரருக்கும் எழுத்து மூலம் நோட்டீஸ் போக வேண்டும். பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் அது போகாவிட்டால் வழக்குப் போட முடியாது. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று இந்த நோட்டீசை விட்டுவிட்டால், லாரிக்காரரிடம் வசூலிக்கும் உரிமையை நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்லிக் கம்பெனி நம் தொகையில் கைவைக்கும். நம் கும்பகோணத்து மூட்டைக்கு இன்சூரன்ஸ் இல்லை; கையெழுத்தும் கண்ணை மூடித்தான் போட்டிருந்தார்கள்.