சுடுநீர் முந்துமா?

1963-ஆம் ஆண்டு, அப்போது தாங்கனிக்கா என்று அழைக்கப்பட்ட இன்றைய தான்சானியாவில் மகம்பா என்ற ஊரின் பள்ளிக்கூடம். மாணவர்கள் அங்கே தாங்களே ஐஸ்கிரீம் செய்து சாப்பிடுவது வழக்கம். பாலைக் காய்ச்சி, சர்க்கரை கலந்து, நன்றாக ஆறவைத்து, பிறகு ஃப்ரீசரில் வைப்பார்கள். ஃப்ரீசரிலோ இடம் குறைவு. ஒரு நாள் இடம் பிடிக்கும் அவசரத்தில் ஒரு மாணவன் பாலைக் காய்ச்சாமலேயே சர்க்கரை கலந்து உள்ளே வைத்துவிட்டான். அதைப் பார்த்த எரஸ்டோ எம்பெம்பா, தன் பால் ஆறும்வரை காத்திருந்தால் இடம் போய்விடும் என்று, கொதிக்கக் கொதிக்க அப்படியே வைத்தான். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால், எம்பெம்பாவின் பால் உறைந்திருந்தது. மற்றவனுடையது இன்னும் கெட்டியான திரவமாகவே இருந்தது.

ஏன் இப்படி என்று இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டான். நீ ஏதோ குழம்பியிருக்கிறாய், அப்படி நடக்காது என்றார் அவர். பின்னர் இரிங்காவிலுள்ள மேல்நிலைப் பள்ளியில் படித்தபோதும் இதே கேள்விக்குக் கேலிதான் கிடைத்தது. அந்தப் பள்ளிக்கு டார் எஸ் சலாம் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து பேச வந்தார் டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற இயற்பியல் பேராசிரியர். சம அளவு தண்ணீரை 35 டிகிரியில் ஒன்றும் 100 டிகிரியில் ஒன்றுமாக ஃப்ரீசரில் வைத்தால் 100 டிகிரித் தண்ணீர் முதலில் உறைவது ஏன் என்று எம்பெம்பா எழுந்து கேட்டான். சக மாணவர்கள் சிரித்தார்கள். ஆஸ்போர்னுக்கும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஊர் திரும்பியதும் ஆய்வகத்தில் அதைச் செய்து பார்க்கச் சொன்னார். சுடுநீர்தான் முந்தியது. 1969-இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளியானது. அன்றிலிருந்து இதற்கு ‘எம்பெம்பா விளைவு’ என்று பெயர்.

சுடுநீர் சீக்கிரம் உறையும் என்று அரிஸ்டாட்டிலும், பிரான்சிஸ் பேக்கனும், டேக்கார்ட்டும் முன்பே எழுதியிருக்கிறார்கள். அப்படியும் இன்றுவரை இது ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் முடியாத கேள்வியாகவே இருக்கிறது. காரணத்தைப் பார்ப்போம்.

இதை நம்ப மறுப்பவர்களின் வாதம் வலுவானது. 90 டிகிரியில் ஒரு டம்ளர், 30 டிகிரியில் ஒரு டம்ளர். சூடானது உறைய வேண்டுமானால் முதலில் 30 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். அதற்குள் மற்றது வெகுதூரம் குளிர்ந்திருக்கும். 30 டிகிரியைத் தொட்ட பிறகு, சூடாக இருந்த தண்ணீரும் மற்றதைப் போலத்தானே குளிர முடியும்? பிறகு எப்படி முந்தும்?

இந்த வாதத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. தண்ணீரின் நிலையைச் சொல்ல அதன் வெப்பநிலை ஒன்றே போதும் என்பதுதான் அது. 90-லிருந்து இறங்கி வந்த 30 டிகிரித் தண்ணீரும், முதலிலிருந்தே 30 டிகிரியில் இருந்த தண்ணீரும் வேறு ஏதாவது ஒரு விதத்தில் மாறுபட்டிருந்தால் வாதம் நிற்காது. இதுவரை சொல்லப்பட்ட விளக்கங்கள் எல்லாமே அந்த ‘வேறு ஏதாவது’ எது என்பதைப் பற்றியவைதான்.

முதல் விளக்கம் ஆவியாதல். 1969-இலேயே கனடாவில் ஜார்ஜ் கெல் என்ற விஞ்ஞானி இதை முன்வைத்தார். சூடான தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதோடு, தண்ணீரின் அளவையும் குறைத்துவிடுகிறது. மிஞ்சியிருக்கும் குறைந்த தண்ணீர் சீக்கிரம் உறைகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 90 டிகிரியில் 100 கிராம் தண்ணீர். அது 30 டிகிரிக்கு வர ஏறக்குறைய 6,000 கலோரி வெப்பத்தை இழக்க வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 560 கலோரியைக் கொண்டுபோகிறது. வெப்பம் முழுவதும் இந்த வழியாகவே வெளியேறினால் பத்து கிராம் போல ஆவியாகி, 90 கிராம் மிஞ்சும். இனி இரண்டு டம்ளரும் 30 டிகிரியிலிருந்து முழுக்கப் பனிக்கட்டியாக வேண்டும். 100 கிராமுக்கு, 0 டிகிரிக்கு வர 3,000 கலோரியும் உறைவதற்கு 8,000 கலோரியுமாக, மொத்தம் 11,000 கலோரி வெளியேற வேண்டும். 90 கிராமுக்கு 9,900 போதும். பத்தில் ஒரு பங்கு மிச்சம். இந்தக் கட்டத்துக்கு ஃப்ரீசரில் மூன்று மணி நேரம் ஆகும் என்றால் மிச்சமாவது பதினெட்டு நிமிடம். 90-லிருந்து 30-க்கு இறங்க அதைவிடக் குறைவான நேரமே பிடித்தால் சுடுநீர் ஜெயிக்கும். இல்லையென்றால் தோற்கும்.

ஆகவே வாயகன்ற, மூடாத பாத்திரத்தில் இது நடக்கக்கூடியதே. உயரமான டம்ளரில் கடினம். மூடி போட்டுவிட்டால் வழியே இல்லை. நடைமுறையில் வெப்பத்தின் ஒரு பகுதி பாத்திரத்தின் சுவர் வழியாகவும் போய்விடுவதால் ஆவியாகும் அளவு இந்தக் கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும். ஆஸ்போர்ன் தம் சோதனைகளில் இழப்பை அளந்து பார்த்து, இதை வைத்து மட்டும் தாம் கண்ட வித்தியாசத்தை விளக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார்.

அவருடைய விளக்கம் வேறு. அவர் சிறிய கண்ணாடி பீக்கர்களில் 70 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி, அடியில் தெர்மாகோல் வைத்து ஃப்ரீசரில் வைத்தார். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் இட்டபோது உறைவது பல மணி நேரம் தள்ளிப்போனது. அப்படியானால் வெப்பத்தின் பெரும்பகுதி மேற்பரப்பு வழியாகத்தான் வெளியேறியிருக்க வேண்டும். சூடான தண்ணீரில் வெப்பச்சலனம் வேகமாக நடக்கும். சூடானது மேலே ஏற, குளிர்ந்தது கீழே இறங்கும். இதனால் மேல்பரப்பு எப்போதும் மற்ற பகுதிகளைவிடச் சூடாக இருந்து, வெப்பத்தை வேகமாக வெளியே தள்ளும். சராசரி வெப்பநிலை 30 டிகிரி என்று ஆன பிறகும், ஓடிக்கொண்டிருந்த அந்தச் சுழற்சி சற்று நேரம் தொடரும். முதலிலிருந்தே அசையாமல் இருந்த தண்ணீருக்கு அந்த வசதி இல்லை.

அவர் அடியில் தெர்மாகோல் வைத்ததற்கும் காரணம் உண்டு. ஃப்ரீசர் தட்டில் பொதுவாகப் பனி படிந்திருக்கும். பனி வெப்பத்தை எளிதில் கடத்தாது. சூடான பாத்திரம் அதை உருக்கிவிட்டுத் தட்டோடு ஒட்டி உட்கார்ந்துகொள்ளும். குளிர்ந்த பாத்திரம் பனியின் மேலேயே நிற்கும். அப்போது சுடுநீர் முந்தினால் அது தண்ணீரின் குணமல்ல, பாத்திரம் உட்கார்ந்த இடத்தின் குணம். வீட்டு ஃப்ரீசரில் இந்த விளைவைக் கண்டதாகச் சொல்பவர்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

மூன்றாவது விளக்கம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தண்ணீர் 0 டிகிரியில் உறையும் என்று பள்ளியில் படிக்கிறோம். உண்மையில் 0 டிகிரிக்கு வந்தவுடன் உறைந்துவிட வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. முதல் பனித்துகள் உருவாக ஒரு பிடிமானம் தேவை. ஒரு தூசு, பாத்திரத்தில் ஒரு கீறல், ஏதோ ஒன்று. அது வாய்ப்பாக அமையாவிட்டால் தண்ணீர் மைனஸ் 5, மைனஸ் 8 என்று திரவமாகவே இறங்கிக்கொண்டு போகும். இதை மீக்குளிர்வு என்பார்கள். பிறகு திடீரென ஒரு கணத்தில் பனி பிடிக்கும். மைனஸ் 8-இல் அது நடந்தால், தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு அப்போதே பனியாக மாறி, வெளிப்படும் வெப்பத்தால் பாத்திரம் முழுவதும் 0 டிகிரிக்குத் தாவி ஏறிவிடும். மீதி அதன் பிறகு மெதுவாக உறையும்.

இப்போது பந்தயத்தை மீண்டும் பாருங்கள். குளிர்ந்த தண்ணீர் 0 டிகிரிக்கு முதலில் வந்துவிடலாம். ஆனால் அங்கிருந்து மைனஸ் 8 வரை திரவமாகவே இறங்கிக்கொண்டிருக்கும்போது, பின்னால் வந்த சுடுநீர் மைனஸ் 2-இலேயே பனி பிடித்துவிட்டால் அதுதான் முந்தியதாகத் தெரியும். 1995-இல் டேவிட் அவர்பாக் வெளியிட்ட ஆய்வு இந்தக் கோணத்தை முன்னுக்குக் கொண்டுவந்தது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிங்காம்டன் வளாகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரௌன்ரிட்ஜ் பல ஆண்டுகள் சோதித்து, 2011-இல் முடிவை வெளியிட்டார். மூடிய குப்பிகளில் தண்ணீரை உறையவைத்தும் உருக்கியும் பார்த்ததில், ஒவ்வொரு குப்பிக்கும் பனி பிடிக்கும் வெப்பநிலை ஒன்று உண்டு, அது திரும்பத் திரும்பக் கிட்டத்தட்ட அப்படியே வருகிறது என்று கண்டார். சீக்கிரம் பனி பிடிக்கும் குப்பியைச் சூடாக்கி, தாமதமாகப் பிடிக்கும் குப்பியைக் குளிர்ச்சியாக வைத்தால், சூடானது மீண்டும் மீண்டும் ஜெயித்தது. ஆக, வெற்றியைத் தீர்மானித்தது சூடு அல்ல, குப்பிக்குள் இருந்த பிடிமானம்.

எதிர்த் தரப்பும் வலுவாகவே இருக்கிறது. 2016-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹென்றி பரிட்ஜும் கேம்பிரிட்ஜின் பால் லிண்டனும், மீக்குளிர்வின் குழப்பத்தைத் தவிர்க்க, தண்ணீர் 0 டிகிரிக்கு வர எடுக்கும் நேரத்தை மட்டும் அளந்தார்கள். சூடானது ஒருமுறைகூட நம்பத்தகுந்த விதத்தில் முந்தவில்லை. இன்னொன்றையும் காட்டினார்கள். ஒரே பாத்திரத்தில் மேலும் கீழும் வெப்பநிலை வேறுபடும் என்பதால், வெப்பமானியின் உயரம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலே, இல்லாத எம்பெம்பா விளைவு இருப்பதுபோலத் தெரியும்.

ஆகவே கேள்வியைப் பிரித்துக் கேட்டால் பதில் தெளிவாகிறது. சம அளவு தண்ணீர், மூடிய ஒரே மாதிரிப் பாத்திரங்கள், ஒரே சூழல் என்றால் சுடுநீர் 0 டிகிரிக்கு முதலில் வராது. முதல் பனி எதில் பிடிக்கும் என்றால், அது பெரும்பாலும் பிடிமானத்தின் கையில். முழுக்கக் கட்டியாவது எது முதலில் என்றால், ஆவியாதலும் பாத்திரத்தின் வடிவமும் தட்டில் படிந்த பனியும் சேர்ந்து தீர்மானிக்கும்.

எம்பெம்பாவைப் பொய்யாக்கும் பதில் அல்ல இது. அவன் பார்த்தது நடந்தது. நடக்கவே நடக்காது என்றவர்களின் வாதத்தில்தான் ஓட்டை இருந்தது. தண்ணீரை விட்டுவிட்டு, கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் அவினாஷ் குமாரும் ஜான் பெக்ஹோஃபரும் நீரில் மிதக்கும் நுண்ணிய கண்ணாடி மணி ஒன்றை ஒளிக்கற்றையால் கட்டுப்படுத்தி 2020-இல் செய்த சோதனையில், அதிகச் சூட்டுக்கு ஈடான நிலையிலிருந்து தொடங்கியது, குறைந்த சூட்டில் தொடங்கியதைவிட விரைவாகக் குளிர்நிலையை அடைந்தது. அதாவது, தொலைவிலிருந்து தொடங்குவது முந்துவதற்கு இயற்கை விதிகளில் தடையில்லை.

வீட்டில் சோதிக்க விரும்புகிறவர்கள் இரண்டு ஒரே மாதிரி டம்ளர்களை எடுங்கள். சமையலறைத் தராசில் எடை பார்த்துச் சம அளவு தண்ணீர் ஊற்றி, ஒரே தட்டில் தெர்மாகோலின் மேல் வையுங்கள். முதல் பனி, முழுப் பனி இரண்டின் நேரத்தையும் தனித்தனியே குறியுங்கள். முடிந்ததும் மீண்டும் எடை பாருங்கள். எடை குறைந்திருந்தால் அது ஆவியானது. அடுத்த முறை டம்ளர்களை மாற்றி, முன்பு குளிர்ந்த தண்ணீர் இருந்ததில் சுடுநீர் ஊற்றுங்கள். இப்படிப் பலமுறை மாற்றிப் பார்த்த பிறகும் வெற்றி ஒரே டம்ளரோடு போனால் காரணம் டம்ளர். சுடுநீரோடு போனால், மூடி போட்டு மறுபடியும் செய்யுங்கள். அதன் பிறகும் சுடுநீரே முந்தினால், உங்கள் குறிப்பேட்டை இயற்பியல் ஆசிரியர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.